ஊறுகாய் பாட்டிலின் முகமும் முதுகும்

மளிகைக் கடை அலமாரியில் ஊறுகாய் தேடுபவரின் கண் ஒரு பாட்டிலில் நிலைப்பது சில நொடிகள்தான். அதற்குள் லேபிள் அவருக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு: இது என்ன ஊறுகாய், யாருடைய ஊறுகாய்.

சட்டம் கேட்பதோ இன்னும் நிறைய. சேர்மானப் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை, சைவக் குறியீடு, நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பேட்ச் எண், தேதிகள், அதிகபட்ச விலை என்று அந்தப் பட்டியல் நீளும். படத்தையும் பெயரையும் முதலில் அழகாக அமைத்துவிட்டு, இவற்றைக் கடைசியில் கிடைத்த இடங்களில் செருகும்போதுதான் லேபிள் நெரிசலாகிறது. எடை ஒரு மூலைக்கும் உரிம எண் இன்னொரு மூலைக்கும் போக, நடுவில் எலுமிச்சம்பழம் மூச்சு முட்டும்.

தேர்ந்த வடிவமைப்பாளர்கள் வேலையை மறுமுனையிலிருந்து தொடங்குகிறார்கள். கட்டாயத் தகவல்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் அளந்துவிடுகிறார்கள். இந்திய விதிகளும் இதற்குக் கைகொடுக்கின்றன. முன்கூட்டியே அச்சாகும் தகவல்களை ஒரே இடத்திலும், பாட்டிலில் நிரப்பும்போது அச்சிடும் தேதி, பேட்ச் எண், விலை ஆகியவற்றை வேறோர் இடத்திலும் தொகுத்துக் கொடுக்கலாம்.

300 கிராம் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 24 செ.மீ., லேபிளின் உயரம் 7 செ.மீ. நேராகப் பார்க்கும்போது தெளிவாகத் தெரிவது சுற்றளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 செ.மீ. அகலம். அதுதான் முகப்பு, பரப்பு 56 சதுர செ.மீ. மீதி 16 செ.மீ.யில் ஒட்டும் விளிம்புக்கு ஒன்று போனால், 15 செ.மீ. பின்பக்கத்துக்குக் கிடைக்கும்.

முகப்பில் பொருளின் பெயரும் சைவக் குறியீடும் இருந்தாக வேண்டும். 100 சதுர செ.மீ. வரையிலான முகப்பில் பச்சை வட்டத்தின் விட்டம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதைச் சூழும் சதுரத்தின் பக்கம் அதைப்போல் இருமடங்கு, 6 மி.மீ. பொருளின் பெயருக்கோ பிராண்டுக்கோ அருகில், எடுப்பாகத் தெரியும் பின்னணியில் அது இருக்க வேண்டும். ஆகவே பெயர் எழுதும்போதே, அதன் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டத்தை ஒதுக்கிவிடுவது நல்லது. பிறகு அது ஒட்டுப்போட்டதுபோல் தெரியாது.

மொழி இன்னொரு சிக்கல். கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும்; தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் இரு மொழிகளில் எழுதினால் பின்பக்கம் நிரம்பி வழியும். ஊறுகாயின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி, அதையே முகப்பின் முக்கியக் காட்சியாக்கலாம். ஆங்கிலப் பெயர் அதன் கீழே அடக்கமாக வரட்டும். பொடி எழுத்தில் தமிழைக் கையாளும்போது கவனம் தேவை: ண, ன போன்றவற்றின் சுழிகள் மையில் அடைபட்டு எழுத்தே மாறித் தெரியும்.

பின்பக்கத்தை இரண்டு பத்திகளாகப் பிரிக்கலாம். முதல் பத்தியில் உள்ளே இருப்பவை: எடை அதிகமானதில் தொடங்கி இறங்குமுகமாகச் சேர்மானங்கள், பிறகு ஊட்டச்சத்து. இங்கே எளிதில் தவறிப்போகும் ஒன்று பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அப்படியானால் ஒவ்வாமை அறிவிப்பில் கோதுமையைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் பத்தியில் தயாரிப்பாளர் விவரமும் பார்கோடும். அதன் அடியில் தேதி, பேட்ச், விலைக்கு ஒரு வெற்றுக் கட்டம். அந்தக் கட்டத்தின் மேல் வார்னிஷ் பூசினால் தேதி மை பிடிக்காமல், விரல் பட்டதும் அழிந்துவிடக்கூடும்.

எழுத்தைச் சுருக்கி இடம் பிடிக்கவும் எல்லை உண்டு. சட்டமுறை எடையளவு விதிகளின்படி எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் உணவு லேபிள்களில் சிறிய எழுத்தான எக்ஸின் உயரத்துக்கே 1.2 மி.மீ. என்று வரம்பு வைத்திருக்கிறது. பொடி எழுத்தை வெள்ளைப் பின்னணியில் ஒரே கறுப்பு மையில் அச்சிடுவது பாதுகாப்பு. நான்கு வண்ணங்களைக் கலந்து அச்சிட்டால், தகடுகள் இம்மி விலகினாலும் எழுத்தின் ஓரம் இரட்டையாகும். கருஞ்சிவப்பில் வெள்ளை எழுத்தென்றால், மை பரவி மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும்.

திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது இந்தக் குறைகள் எதுவும் தெரியாது. லேபிளை உண்மை அளவில் காகிதத்தில் அச்சிட்டு, பாட்டிலில் சுற்றி, இரண்டடி தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். பெயர் வளைவுக்குள் மறைந்தால் முகப்பின் அகலம் தப்பு. பிறகு கையில் எடுத்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் வயதான ஒருவரை வாசிக்கச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறினால் முதலில் வெட்ட வேண்டியது பின்பக்கத்திலுள்ள பாட்டி காலத்துச் சுவைக் கதையை. அப்போதும் இடம் போதாவிட்டால், எழுத்தைக் குறைக்காமல் லேபிளின் உயரத்தை ஒரு செ.மீ. கூட்டலாம், பின்பக்கத்துக்கு அதனால் 15 சதுர செ.மீ. கூடுதலாகக் கிடைக்கும்.