காலிக் கட்டமும் இரட்டை வரியும்

ஒரு ஜவுளிக்கடை. இரவு ஷட்டர் இறங்கியதும் பில்லிங் கவுன்டரில் உள்ள வாடிக்கையாளர் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வேலைக்கு சிங்க் என்று பெயர். அனுப்புவதில் பெரிய சிக்கல் கிடையாது. நெட் போனால் எரர் வரும், தெரிந்துவிடும். வில்லங்கம் நடுவில் இருக்கிறது. இங்கே ஒரு மாதிரி எழுதியதை அங்கே வேண்டிய மாதிரி மாற்றும் கோடு தப்பாக மாற்றினாலும், வேலை முடிந்ததாகத்தான் திரையில் காட்டும்.

அந்த மாற்றும் பகுதியை மட்டும் தனியே பிரித்து, டேட்டாபேஸும் நெட்டும் இல்லாமல் சோதிப்பதுதான் யூனிட் டெஸ்ட். அதற்குக் கொடுக்கும் மாதிரித் தரவு ஃபிக்ஸ்சர். லட்சம் வரி தேவையில்லை. வேண்டுமென்றே கோணலாக எழுதிய இரண்டு வரி போதும்:

```python
def test_blank_does_not_erase():
    rows = [
        {"id": "K7", "joined": "05/03/2024",
         "updated": "2024-04-01"},
        {"id": "k7 ", "joined": None,
         "updated": "2024-04-02"},
    ]
    out = merge(rows)
    assert len(out) == 1
    assert out["K7"]["joined"] == "2024-03-05"
```

இரண்டாவது வரியில் எழுத்து சின்னது, பின்னால் ஒரு இடைவெளி வேறு. கண்ணுக்கு ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். டூப்ளிகேட் பெரும்பாலும் அச்சு அசலாக வருவதில்லை, இப்படி வேஷம் மாற்றித்தான் வரும்.

இரண்டும் ஒருவரே என்று கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான கேள்வி எழுகிறது. கடைசியாக வந்த வரியே செல்லும் என்பது பொதுவான விதி. ஆனால் கடைசி வரியில் சேர்ந்த தேதி காலி. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நேற்றுவரை இருந்த தேதி அழிந்துபோகும். காலி என்றால் ‘தெரியாது’ என்று அர்த்தமா, ‘அழித்துவிடு’ என்று அர்த்தமா, ‘இந்த முறை அனுப்பவில்லை’ என்று அர்த்தமா? கோடு எழுதுபவர் யூகிக்கக் கூடாது. கவுன்டரில் இருப்பவரைக் கேட்க வேண்டும். மேலே உள்ள டெஸ்ட், காலிக் கட்டம் பழையதை அழிக்காது என்ற முடிவை எழுதி வைத்திருக்கிறது. இதே போல வெற்று எழுத்து `""`, யாரோ டைப் செய்த `"NULL"` இரண்டுக்கும் தனித்தனி வரி வேண்டும்.

இன்னொரு சின்ன உத்தி: அதே வரிகளைத் தலைகீழாக அடுக்கிக் கொடுத்துப் பார்ப்பது. விடை மாறினால், எந்த வரி முதலில் வந்தது என்பதை நம்பியே கோடு ஓடுகிறது என்று பொருள். இரண்டு வரியிலும் `updated` ஒன்றாக இருக்கும்போது இது அடிக்கடி அகப்படும்.

தேதியில்தான் கூத்து அதிகம். பைத்தானில் பலர் பயன்படுத்தும் `dateutil`, வேறு சொல்லாவிட்டால், 05/03/2024 என்பதை அமெரிக்க வழக்கப்படி மே 3 என்று படிக்கும். 25/03/2024 கொடுத்தால் 25-வது மாதம் இல்லை என்பதால், சத்தமில்லாமல் மார்ச் 25 என்று சரியாகப் படித்துவிடும். ஆக, ஃபிக்ஸ்சரில் 25-ஆம் தேதி மட்டும் இருந்தால் டெஸ்ட் பச்சை காட்டும், தப்பு உள்ளே இருக்கும். 12-க்கு உட்பட்ட நாள் ஒன்று கட்டாயம் வேண்டும்.

எக்ஸெலிலிருந்து வரும் பட்டியலில் அதே மார்ச் 5, `45356` என்று வெறும் எண்ணாகவும் வரலாம். எண்ணிக்கை 1900 ஜனவரி 1-ல் தொடங்குகிறது. ஆனால் லோட்டஸ் 1-2-3-உடன் ஒத்துப்போவதற்காக, இல்லாத 1900 பிப்ரவரி 29-ஐயும் எக்ஸெல் ஒரு நாளாகக் கணக்கில் வைத்திருக்கிறது. அதனால் இந்தக் கால எண்ணை மாற்றும்போது 1899 டிசம்பர் 30-உடன் கூட்ட வேண்டும். 31-உடன் கூட்டினால் எல்லாத் தேதியும் ஒரு நாள் தள்ளிப்போகும். ஒரு நாள் பிசகை யாரும் கண்ணால் கண்டுபிடிப்பதில்லை.

நேரத்துக்கும் ஒரு வரி: `2024-03-31T20:00:00Z`. உலகப் பொது நேரப்படி மார்ச் 31. இந்தியாவில் அப்போது ஏப்ரல் 1, அதிகாலை 1.30. நாள் மட்டுமல்ல, நிதியாண்டே மாறிவிடுகிறது. கூடவே 29/02/2023-ஐயும் சேர்க்கலாம். அப்படி ஒரு நாள் கிடையாது. கோடு அதை மார்ச் 1 என்று திருத்தாமல், தனியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

எழுதியவருக்குத் தோன்றாத கோளாறை இந்த டெஸ்ட் பிடிக்காது. நிஜத்தில் ஏதாவது உடைந்தால், அந்த வரியில் பெயரையும் போன் நம்பரையும் மாற்றிவிட்டு ஃபிக்ஸ்சரில் சேர்ப்பார்கள். முதலில் டெஸ்ட் சிவப்பு காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் கோடைத் திருத்த வேண்டும். சிவப்பே காட்டாத டெஸ்ட் அந்தக் கோளாறைத் தொடவே இல்லை.