இரண்டு வாங்கி ஒன்று விற்றால்

ஒரு பங்கின் விலை 100 டாலர். நூறு பங்கு வாங்க 10,000 டாலர் வேண்டும். ஏறக்குறைய அதே லாபத்தை 1,200 டாலர் போட்டே எடுக்க முடியும் என்கிறார்கள் அமெரிக்க ஆப்ஷன் வியாபாரிகள். அவர்கள் ஸீப்ரா என்று அழைக்கும் இந்த முறையில், பங்கின் இன்றைய விலையைவிடக் கீழே ஸ்ட்ரைக் உள்ள இரண்டு கால் ஆப்ஷன்களை வாங்கி, இன்றைய விலையிலேயே ஸ்ட்ரைக் உள்ள ஒரு காலை விற்க வேண்டும்.

இதன் சூட்சுமம் பிரீமியத்துக்குள் இருக்கிறது. பங்கு 100-இல் இருக்கும்போது, 94 ஸ்ட்ரைக் கால் ஒன்று 8.40 டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பயரிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. இந்த 8.40-இல் 6 டாலர் உள்மதிப்பு. 100 டாலர்ப் பொருளை 94-க்கு வாங்கும் உரிமையின் நேரடி மதிப்பு அது. மீதி 2.40 கால மதிப்பு, அதாவது காத்திருப்பதற்கான கூலி. நாளாக ஆக அது கரைந்து, எக்ஸ்பயரி அன்று பூஜ்ஜியமாகும். வெறும் கால் வாங்குபவர்களின் பணம் பெரும்பாலும் இங்கேதான் போகிறது.

அதே நாளில் 100 ஸ்ட்ரைக் கால் 4.80-க்குப் போகிறது. அதில் உள்மதிப்பே கிடையாது, முழுக்கக் கால மதிப்புதான். அதை விற்றால் கைக்கு வரும் 4.80, நாம் வாங்கிய இரண்டு காலிலும் உள்ள 2.40-ஐ அப்படியே ஈடுகட்டிவிடுகிறது. நிகரமாகக் கொடுப்பது 12 டாலர், எல்லாமே உள்மதிப்பு. ஒரு ஆப்ஷன் ஒப்பந்தம் 100 பங்குக்கு என்பதால் மொத்தச் செலவு 1,200 டாலர்.

பங்கு ஒரு டாலர் ஏறினால் ஒவ்வொரு 94 காலும் சுமார் 71 சென்ட் ஏறும். விற்றது சுமார் 52 சென்ட் நமக்கு எதிராக நகரும். கழித்தால் 90 சென்ட். பங்கையே வைத்திருப்பதற்கு மிக அருகில். எக்ஸ்பயரியில் பங்கு 110-க்குப் போயிருந்தால் இரண்டு காலும் 32 டாலர் பெறும், விற்றதற்கு 10 கொடுக்க வேண்டும். மிச்சம் 22, போட்டது போக லாபம் 1,000 டாலர். பங்கு வாங்கியவருக்கும் அதே 1,000தான்.

இதுவரை சொன்னதை விளம்பரங்களும் சொல்லும். விலை இறங்கும்போது நடப்பதைத்தான் பலர் பார்க்கத் தவறுகிறார்கள். எக்ஸ்பயரியில் பங்கு 97-இல் நின்றால் பங்கு வைத்திருப்பவருக்கு நஷ்டம் 300 டாலர். நமக்கு இரண்டு காலும் சேர்ந்து 6 டாலர்தான் பெறும், நஷ்டம் 600. பங்கு 94-இல் முடிந்தால் அவருக்கு 600 போகும், நமக்குப் போட்ட 1,200-உம் போய்விடும். 88-இல்தான் இருவரும் சமம். அதற்கும் கீழே போனால் நமக்கு மேலும் நஷ்டமில்லை, அவருக்கு உண்டு. ஆகப் பெரிய சரிவில் இது பங்கைவிட மேல். ஆனால் சாதாரணச் சறுக்கலில் இரட்டை அடி.

இதே 94 சரிவு வாங்கிய மறுநாளே வந்தால், நஷ்டம் பங்குக்காரரைவிடச் சற்றுக் குறைவாகவே, ஏறக்குறைய 500 டாலர் அளவில் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் நம் கையில் உள்ள இரண்டு காலும் முழுக்கக் கால மதிப்பாகிவிட்டன, விற்றதில் அந்த அளவுக்கு இல்லை. அங்கேயே பங்கு படுத்துக்கிடந்தால் மீதி 700-உம் நாளுக்கு நாள் தேயும். கால மதிப்பு பூஜ்ஜியம் என்பது வாங்கிய நாளின் நிலவரம் மட்டுமே. திரையில் தீட்டா என்ற எண் மைனஸில் பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்த்தால் அந்த ஈடு உடைந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

டிவிடெண்டும் இதில் கிடைக்காது. அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களை எக்ஸ்பயரிக்கு முன்பே செயல்படுத்தலாம் என்பதால், பங்கு ஏறியிருக்கும்போது டிவிடெண்ட் தேதிக்கு முந்தைய நாள், நாம் விற்ற காலை வாங்கியவர் பங்கைக் கேட்டுவிடக்கூடும். அப்போது 100 பங்கு கடன்பட்டு நிற்போம், டிவிடெண்டையும் நாமே கட்ட வேண்டும்.

எக்ஸ்பயரி வரை விட்டுவைப்பதும் வம்புதான். 97-இல் முடிந்தால் இரண்டு 94 காலும் தானாகவே செயல்பட்டு, 200 பங்குக்கான 18,800 டாலரைக் கணக்கிலிருந்து கேட்கும். 1,200 மட்டும் வைத்திருப்பவர் அதற்கு எங்கே போவார்? அதனால் பழகியவர்கள் சில வாரங்கள் முன்பே மூன்றையும் ஒரே ஆர்டராக மூடிவிடுகிறார்கள்.

நம் ஊர் என்எஸ்இ-யில் பங்கு ஆப்ஷன்களை எக்ஸ்பயரியில்தான் செயல்படுத்த முடியும், ஆகவே நடுவில் பங்கைக் கேட்கும் தொல்லை இல்லை. ஆனால் முடிவில் பங்கையே கொடுத்து வாங்க வேண்டிய விதி இங்கும் உண்டு. அதோடு, விலைக்கு வெகு கீழே உள்ள ஸ்ட்ரைக்குகளில் பல பங்குகளுக்கு வாங்க ஆளே இருக்காது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளியே, மிச்சம் பிடிக்க நினைத்த கால மதிப்பை முதல் நாளே விழுங்கிவிடும்.