200 இலை, இரண்டு கணக்கு

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் இருந்து, வானம் தெளிந்த நாளில் பழனி மலையைத் தரிசிக்கலாம். மேலே குளிர்ந்த மலையிலும் முருகன். கீழே அடிவாரத்திலும் முருகன். இரண்டு இடத்திலும் அடியார்களுக்கு அன்னமிடுவோர் உண்டு. ஆனால், மலைமேல் கிருத்திகையன்று 200 பேருக்குச் சமைத்த அளவைக் கொண்டு, தைப்பூசத்துக்குப் பழனிப் பாதையில் நடந்து வரும் 200 பேருக்குச் சமைத்தால் பலர் பசியோடு எழ நேரும். தலையை எண்ணி உலை வைப்பதுதான் இதற்குக் காரணம்.

குழந்தையின் வயிறும், முதியவரின் வயிறும், நாள் முழுதும் நடந்தவரின் வயிறும் ஒன்றல்ல. உணவு ஆய்வுகளில் இதற்கு ஒரு வழி உண்டு. உட்கார்ந்து வேலை செய்யும் ஓர் ஆணின் உணவை ஒரு பங்கு என்று கொண்டு, மற்றவரை அதனோடு ஒப்பிடுவார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நெடுங்காலம் கையாண்ட அட்டவணைப்படி, அத்தகைய ஆணுக்கு 1 பங்கு, பெண்ணுக்கு 0.8. கடும் உழைப்பாளியான ஆணுக்கு 1.6, பெண்ணுக்கு 1.2. ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைக்கு 0.6. முதியவருக்கு, பெண்ணின் அளவைவிடச் சற்றுக் குறைத்து 0.7 என்று வைத்துக்கொள்வது பொருந்தும். நாள் முழுதும் நடக்கும் பாதயாத்திரிகரைக் கடும் உழைப்பாளியாகவே கொள்ள வேண்டும்.

சாம்பார், ரசம், மோருடன் கூடிய சாப்பாட்டில் ஒரு பங்குக்கு 150 கிராம் அரிசி எனலாம். தலைக்கணக்கில் 200 பேருக்கு 30 கிலோ ஆகிறது. இதைப் பங்குக் கணக்கில் பார்ப்போம்.

மலைமேல் கிருத்திகைக்கு வருவோர் 50 ஆண்கள், 60 பெண்கள், 50 முதியவர்கள், 40 குழந்தைகள் என்க. பங்குகள் முறையே 50, 48, 35, 24, மொத்தம் 157. தேவையான அரிசி ஏறக்குறைய 23½ கிலோ. ஆறரைக் கிலோ அரிசிச் சோறு மிஞ்சி வீணாகும்.

அடிவாரப் பாதையில் நடந்து வருவோர் 120 ஆண்கள், 50 பெண்கள். உடன் வரும் முதியவர்கள் 20, குழந்தைகள் 10 என்க. பங்குகள் 192, 60, 14, 6, மொத்தம் 272. அரிசி ஏறக்குறைய 41 கிலோ வேண்டும். 30 கிலோவே வடித்திருந்தால், ஏறத்தாழ 147 பேருக்குத்தான் நிறைவாகப் போதும். எஞ்சிய 53 பேருக்குச் சோறு இராது.

கணக்கு சரியாக இருந்தும் பந்தியில் பிழை நேர்வதுண்டு. மரியாதை கருதி முதியவர்களையும் குழந்தைகளையும் முதற்பந்தியில் அமர்த்துவது நம் வழக்கம். அவர்கள் குறைவாக உண்பதைக் கண்டு, 'சோறு தாராளமாக இருக்கிறது' என்று அடுப்பை அணைத்துவிடுவார்கள். நடந்து களைத்தவர்கள் அடுத்த பந்தியில் அமரும்போதுதான் அண்டா காலியாவது தெரியும். ஆகவே முதற்பந்தியில் எத்தனை இலை என்று பாராமல், எத்தனை பங்கு அமர்ந்தது என்று பார்க்க வேண்டும். 40 பங்கு அமர்ந்த பந்தியில் 6 கிலோ அரிசியின் சோறு செலவாக வேண்டும். 7 கிலோ செலவாகியிருந்தால், எஞ்சிய பந்திகளுக்கும் ஆறில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். இதற்காகவே முக்கால் பங்கு அரிசியை முதலில் வடித்து, எஞ்சியதைக் கழுவி, உலைநீரைக் கொதிநிலையில் வைத்திருப்பது நல்லது.

இந்தக் கணக்கு சோற்றுக்கும் குழம்புக்கும் மட்டுமே உரியது. அப்பளம், வடை, பாயசம், இலை ஆகியவற்றுக்குத் தலைக்கணக்கே சரி. பாயசத்தில் குழந்தை பெரியவருக்குக் குறைந்ததன்று. வழியில் வேறு பந்தலில் உண்டு வந்தவர்கள் குறைவாகவே உண்பார்கள். எனவே பந்தி தொடங்குமுன் அதைக் கேட்டறிவது நலம்.

மலைமேல் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளதால், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் குழையாது. பருப்பு விரலில் நசுங்காமல் நின்றால், பல் இழந்த முதியவர் அதை இலையிலேயே ஒதுக்கிவிடுவார். கணக்கிட்ட பங்கு வீணாகும். முன்னதாக ஊறவைத்து, அடுப்பில் கூடுதல் நேரம் வைத்தால் பருப்பு குழையும்.

இலை எடுக்கும்போது ஓரத்தில் சோறு கிடந்தால், அந்தப் பந்திக்குப் பங்கு அதிகம். மறுமுறை கேட்டவருக்குக் கரண்டி தயங்கினால் குறைவு. இரண்டையும் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு உலை வைப்பவருக்கு அதுவே வழிகாட்டி.