தாய்லாந்து வீட்டுக்காரருக்கு ஆறு வரி

சியாங் மாயில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலைக் குளிர் 15 டிகிரிக்கு அருகில் இறங்கும். குழாய்த் தண்ணீரும் அதற்கேற்பச் சில்லிட்டிருக்கும். அந்த ஊர் வாடகை அறைகளில் வெந்நீருக்கு இருப்பதெல்லாம் குளியலறைச் சுவரில், ஷவருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் பெட்டிதான். அதில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி கிடையாது. ஷவரைத் திறந்ததும் ஓடுகிற தண்ணீரையே சூடாக்கி அனுப்பும். அதன் தாய்லாந்துப் பெயர் ‘க்ருவாங் தம் நாம் உன்’, அதாவது நீரை வெதுவெதுப்பாக்கும் கருவி. அது கெட்டுப்போனால் அன்றைக்கு வெந்நீர் இல்லை.

பெட்டி வீட்டுக்காரருடையது, பழுது பார்க்க வேண்டியவரும் அவரே. ஆனால் அந்த நாட்டில் இதைச் சொல்லும் விதத்தைப் பொறுத்துத்தான் வேலை நடக்கும். தாய்லாந்தில் வாடகைக்குக் குடியேறும் வெளிநாட்டினர் பலரும் இரண்டு வகையில் தவறுகிறார்கள். சிலர் “ஹீட்டர் வேலை செய்யவில்லை, இன்றே சரி செய்யவும்” என்று எழுதிவிடுகிறார்கள். அதைத் தாய்லாந்து மொழியில் அப்படியே மாற்றினால் மேலதிகாரியின் உத்தரவு போல இருக்கும். வேறு சிலர் பயந்து, மன்னிப்பிலேயே நாலு வரியைச் செலவழித்து, என்ன கெட்டது, எப்போது வரலாம் என்பதைச் சொல்லாமலே முடித்துவிடுகிறார்கள். முதல் வகை மனதைப் புண்படுத்துகிறது. இரண்டாவது வகை வீட்டுக்காரருக்கு வேலை வைக்கிறது, ஏனென்றால் அவர் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். என் கணிப்பில் இரண்டாவதுதான் அதிக நாள் இழுக்கும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். மூன்றாம் மாடி, 305-ஆம் எண் அறை. குடியிருப்பவர் முப்பது வயது ஆண். வீட்டுக்காரர் நாற்பதுகளில் இருக்கும் பெண்மணி. நேற்று மாலையிலிருந்து வெந்நீர் வரவில்லை.

எழுத உட்காரும் முன் ஐந்து நிமிடம் பெட்டியைப் பார்க்க வேண்டும். மூடியைக் கழற்றக் கூடாது, வெளியிலிருந்து பார்த்தாலே போதும். முதலில், ஷவரைத் திறந்ததும் பெட்டியில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை, ஆனால் அறையில் மற்ற மின்சாரம் இருக்கிறது என்றால், பிரேக்கர் விழுந்திருக்கலாம். 3,500 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும் என்பதால் அதற்கெனத் தனி பிரேக்கர் இருப்பது வழக்கம். பெட்டியிலேயே மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்சும் பெரும்பாலும் உண்டு. இவற்றை ஒரு முறை மட்டும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் சுடவில்லை என்றால், தண்ணீரின் வேகத்தைக் கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு வேகத்தில் தண்ணீர் ஓடினால்தான் சூடாக்கும் கம்பிக்கு மின்சாரம் போகும். உள்ளே வரும் குழாயின் வடிகட்டியில் மண்ணும் உப்பும் அடைத்துக்கொண்டால் பெட்டி நன்றாக இருந்தும் தண்ணீர் சுடாது. ஷவர் நன்றாகப் பாய்ந்தும் சுடவில்லை என்றால் கம்பியோ வெப்பக் கட்டுப்பாடோ போயிருக்கலாம். காரணத்தை நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னால் போதும், மெக்கானிக் அதற்கேற்ற சாமானோடு வருவார்.

யாருக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். அடுக்குமாடிக் கட்டடமாக இருந்தால் கீழே ஒரு நிர்வாக அலுவலகம் இருக்கும். அதைச் சுருக்கமாக ‘நிதி’ என்பார்கள். மின்தூக்கி, படிக்கட்டு போன்ற பொதுச் சொத்துகள் அவர்கள் பொறுப்பு. அறைக்குள் இருக்கும் ஹீட்டர் அறையின் உரிமையாளர் பொறுப்பு. ஆகவே செய்தி உரிமையாளருக்கே போக வேண்டும். தாய்லாந்தில் இதற்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது லைன் என்ற செயலிதான்.

இதோ செய்தி:

```
สวัสดีครับพี่ ผมห้อง 305 นะครับ
ขอรบกวนเรื่องเครื่องทำน้ำอุ่นหน่อยครับ
ตั้งแต่เมื่อวานเย็นน้ำไม่อุ่นเลย ไฟที่เครื่องก็ไม่ติด ลองสับเบรกเกอร์ใหม่แล้วก็ยังไม่ติดครับ
ถ้าพี่สะดวก รบกวนให้ช่างเข้ามาดูให้หน่อยได้ไหมครับ
ผมอยู่ห้องหลังหกโมงเย็นทุกวัน เสาร์อาทิตย์อยู่ทั้งวันครับ
ขอบคุณมากครับ
```

இதன் பொருள்: வணக்கம் அக்கா, நான் 305-ஆம் அறை. ஹீட்டர் விஷயமாக உங்களைக் கொஞ்சம் தொந்தரவு செய்கிறேன். நேற்று மாலையிலிருந்து தண்ணீர் சுடவே இல்லை, பெட்டியில் விளக்கும் எரியவில்லை, பிரேக்கரைத் திரும்பப் போட்டுப் பார்த்தும் எரியவில்லை. உங்களுக்குச் சௌகரியப்பட்டால் மெக்கானிக்கை அனுப்பிக் கொஞ்சம் பார்க்கச் சொல்ல முடியுமா? தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் அறையில் இருப்பேன், சனி, ஞாயிறு முழு நாளும் இருப்பேன். மிக்க நன்றி.

முதல் வரியில் வரும் ‘பீ’ அக்காவுக்கும் அண்ணனுக்கும் பொதுவானது. தன்னைவிடச் சற்று மூத்தவரை இப்படி அழைப்பது அங்கே இயல்பு. அம்மா வயதுக்காரராக இருந்தால் ‘பா’, அதாவது பெரியம்மா முறை, பொருந்தும். ஆனால் நாற்பதுகளில் இருப்பவரை அப்படி அழைத்தால் முகம் சுருங்கும். வயது தெரியவில்லை என்றால் ‘குன்’ என்ற மரியாதைச் சொல்லோடு அவர் முதற்பெயரைச் சேர்ப்பது தவறாகாது. குடும்பப் பெயரை இட்டு அழைக்கும் வழக்கம் அங்கே இல்லை. அறை எண்ணை முதல் வரியிலேயே சொல்வதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. இருபது அறை வைத்திருப்பவருக்கு லைனில் வரும் உங்கள் படத்தைப் பார்த்து யாரென்று தெரியாது.

இரண்டாம் வரியில் உள்ள ‘ரொப்குவன்’ தொந்தரவு செய்வது என்ற பொருளுடையது. அந்த ஒரு சொல்லே மன்னிப்பின் வேலையைச் செய்துவிடுகிறது, வேறு மன்னிப்பு தேவையில்லை. மூன்றாம் வரியைக் கவனியுங்கள். அதில் பணிவுச் சொற்கள் மிகக் குறைவு, கடைசியில் வரும் ‘க்ரப்’ மட்டும்தான். வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருக்கிறது. மென்மை கேட்பதில் இருக்க வேண்டும். நடந்ததைச் சொல்வதில் மென்மை சேர்த்தால் விஷயம் மங்கிப்போகும். அந்த வரியில் “உங்கள் ஹீட்டர்” என்ற பேச்சே இல்லை. தண்ணீர் சுடவில்லை, விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான். மட்டமான பெட்டியை மாட்டிவிட்டீர்கள் என்ற குறை எங்கும் ஒட்டவில்லை.

நான்காம் வரிதான் கோரிக்கை. ‘நொய்’ என்றால் கொஞ்சம், ‘தாய் மய்’ என்றால் முடியுமா. இரண்டும் சேரும்போது இல்லை என்று சொல்லவோ தேதியைத் தள்ளவோ அவருக்கு வழி கிடைக்கிறது. இதே வரியைக் கேள்வியாக்காமல் ‘துவாய்’ என்று முடிப்பதும் உண்டு. அதுவும் பணிவுதான் என்றாலும், செய்துவிடுங்கள் என்ற தொனி ஏறிவிடும். ‘தோங்’ என்றால் கட்டாயம் வேண்டும். அந்தச் சொல்லை வீட்டுக்காரருக்கு எழுதவே கூடாது. வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறேன் என்று நினைவூட்டுவதும் அப்படித்தான். உண்மையாகவே இருந்தாலும் அது மிரட்டலாகப் படும்.

ஐந்தாம் வரியை எழுதாமல் விடுபவர்கள் மிக அதிகம். எனக்கோ இந்தச் செய்தியிலேயே மிகவும் பயனுள்ள வரி அதுதான். நாளை வாருங்கள் என்று கெடு வைக்காமல், நான் இருக்கும் நேரம் இது என்று சொல்வதால் வீட்டுக்காரர் அடுத்த அடியாக மெக்கானிக்கைக் கூப்பிட்டு நேரம் பேசிவிடலாம். அவசரமும் தெரிந்துவிடுகிறது, அதிகாரமும் இல்லை.

எழுதுபவர் பெண்ணாக இருந்தால் ‘க்ரப்’ வரும் இடமெல்லாம் ‘கா’ வரும். ஆனால் எழுத்தில் அது இரண்டு வடிவம். சொல்லி முடிக்கும் வாக்கியத்தில் `ค่ะ`, கேள்வியிலும் ‘நா’ என்ற அசைக்குப் பின்னும் `คะ`. ஆக முதல் வரியில் அறை எண்ணுக்குப் பின் வருவது `นะคะ`, நான்காம் வரியின் முடிவு `ได้ไหมคะ`. தாய்லாந்துக்காரர்களே இதைத் தவறாக எழுதுவதுண்டு. ஆண்கள் தன்னைக் குறிக்கும் ‘பொம்’ என்ற சொல்லுக்குப் பதில் இளம்பெண் மூத்தவரிடம் ‘நூ’ என்பார்.

செய்தியோடு இரண்டு படம் அனுப்புங்கள். ஒன்று, விளக்கு எரியாத பெட்டியின் முன்பக்கம். இன்னொன்று, மாதிரிப் பெயரும் வாட் அளவும் அச்சிட்ட ஒட்டுத்தாள். அனுப்பும் நேரம் பகலாக இருக்கட்டும், இரவு பதினொரு மணிக்கு வேண்டாம்.

பதில் பெரும்பாலும் ‘தியாவ்’ என்ற சொல்லோடு வரும். இதோ, கொஞ்ச நேரத்தில் என்று பொருள். ஆனால் அதில் நாளும் மணியும் கிடையாது. மூன்று நாள் ஆகியும் யாரும் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்காமல் இப்படி எழுதலாம்:

```
พี่ครับ ขอรบกวนถามเรื่องเครื่องทำน้ำอุ่นอีกทีครับ
พอจะทราบไหมครับว่าช่างจะเข้ามาวันไหน ผมจะได้อยู่รอครับ
```

ஹீட்டர் விஷயமாக இன்னொரு முறை தொந்தரவு செய்கிறேன், மெக்கானிக் எந்த நாள் வருவார் என்று தெரியுமா, நான் அறையில் காத்திருக்க வசதியாக இருக்கும் என்பது இதன் பொருள். தேதி கேட்பதற்கான காரணத்தை உங்கள் பக்கம் வைத்துக்கொள்கிறீர்கள், அவரைக் குற்றம் சாட்டவில்லை.

இவ்வளவு பணிவும் ஓரிடத்தில் பொருந்தாது. தண்ணீரைத் தொட்டால் விறுவிறுவென்று மின்சாரம் ஏறினாலோ, கருகிய வாடை வந்தாலோ, பிரேக்கர் திரும்பப் போட்டதும் மறுபடி விழுந்தாலோ, உடனே பிரேக்கரை அணைத்துவிட்டு ஹீட்டரைத் தொடாமல் விடுங்கள். எர்த் கம்பி சரியாக இல்லாத ஹீட்டர் ஆளைக் கொல்லும். அப்போது பீடிகை வேண்டாம். ஆபத்து முதல் வரியில் இருக்கட்டும்:

```
พี่ครับ เครื่องทำน้ำอุ่นห้อง 305 ไฟรั่วครับ ปิดเบรกเกอร์ไว้แล้ว
รบกวนตามช่างด่วนเลยครับ
```

305-ஆம் அறை ஹீட்டரில் மின்கசிவு, பிரேக்கரை அணைத்துவிட்டேன், அவசரமாக மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று இதற்குப் பொருள். இதை எழுதிவிட்டு உடனே தொலைபேசியிலும் கூப்பிட வேண்டும்.

தாய்லாந்தின் சிவில், வணிகச் சட்டத்தொகுப்பு வாடகைதாரருக்கும் கடமை வைத்திருக்கிறது. 550-ஆம் பிரிவின்படி, குடியிருக்கும் காலத்தில் தேவைப்படும் பழுதுகளைச் சரிசெய்வது உரிமையாளர் பொறுப்பு. அன்றாடப் பராமரிப்பும் சில்லறைப் பழுதுகளும் மட்டும் 553-ஆம் பிரிவின்படி குடியிருப்பவர் தலையில் வரும். எது சில்லறை என்பதில் தகராறு வரலாம் என்பதால் ஒப்பந்தத்தை ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் பார்க்க வேண்டிய பழுது வந்தால், அவருக்கு அது முன்பே தெரியாதபோது, உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது 557-ஆம் பிரிவு. தெரிவிக்காமல் தாமதித்ததால் அவருக்கு நஷ்டம் வந்தால் குடியிருப்பவர் ஈடு கொடுக்க வேண்டும். ஆகவே சங்கடப்பட்டு நாளைத் தள்ளாதீர்கள். கெட்டது தெரிந்த அன்றே அந்த ஆறு வரியை அனுப்புங்கள், அனுப்பிய நாள் தெரியும்படி ஒரு திரைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.