கையில் வைத்த கருத்தடைக் குச்சி: கவனிப்பும் மீண்டும் செல்ல வேண்டிய நேரமும்

கருத்தடை இம்பிளான்ட் என்பது தீக்குச்சியைப் போன்ற மெல்லிய, வளையக்கூடிய ஒரு பிளாஸ்டிக் குச்சி. நீளம் 4 சென்டிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர். மேற்கையின் உட்புறத்தில் தோலுக்குச் சற்றுக் கீழே இதை வைக்கிறார்கள். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடக்கையிலும், இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு வலக்கையிலும் வைப்பது வழக்கம். குச்சிக்குள் 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் இருக்கும். அது நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்து ரத்தத்தில் கலந்து, சினைமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. கருப்பை வாயிலுள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணு உள்ளே செல்லாமலும் பார்த்துக்கொள்கிறது. ஓராண்டில் இதைப் பயன்படுத்தும் 1,000 பெண்களில் ஒருவர்கூடக் கருத்தரிப்பதில்லை எனலாம்.

இலங்கையின் குடும்பத் திட்டச் சேவையில் பல காலமாகப் பயன்பட்டுவரும் ஜடேல் இதே வகையைச் சேர்ந்தது. ஆனால் அதில் இரண்டு குச்சிகள் உண்டு. ஹார்மோனும் வேறு, காலமும் 5 ஆண்டுகள். இங்கே சொல்லப்படுவது 3 ஆண்டுகளுக்கான ஒற்றைக் குச்சியைப் பற்றியது. காயத்தைப் பேணும் முறையும் எச்சரிக்கை அறிகுறிகளும் இரண்டுக்கும் பெரும்பாலும் பொதுவானவை.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

குச்சியை வைத்து முடிக்கச் சில நிமிடங்களே ஆகும். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்ய ஊசி போட்ட பிறகே வைப்பதால், பெரும்பாலோர் உணர்வது அந்த ஊசியின் சுருக்கென்ற வலியை மட்டும்தான். தையல் தேவைப்படாது.

வைத்து முடித்ததும் மருத்துவரோ செவிலியரோ விரல் நுனியால் குச்சியின் இரு முனைகளையும் தொட்டுப் பார்ப்பார். பிறகு அந்தப் பெண்ணும் தன் விரலால் தொட்டு உணர வேண்டும். தோலுக்கு அடியில் சிறு ஈர்க்கு போல அது தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் குச்சி ஆழமாகப் போயிருக்கலாம். சில வேளைகளில் அது கருவியிலிருந்து வெளிவராமலே, உள்ளே ஏதும் வைக்கப்படாமலும் போயிருக்கலாம். அதனால் குச்சி விரலுக்குத் தட்டுப்படுகிறது என்று தெரியும்வரை அங்கிருந்து கிளம்பக் கூடாது.

வைத்த தேதி, எந்தக் கை, எடுக்க வேண்டிய தேதி ஆகியவை எழுதிய அட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். அதைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடோ வேறு முக்கியக் காகிதங்களோடோ பத்திரப்படுத்த வேண்டும்.

முதல் வாரம்

கையில் இரண்டு கட்டுகள் இருக்கும். மேலே சுற்றியிருக்கும் இறுக்கமான துணிக்கட்டு, ரத்தம் கசிந்து கன்றிப்போவதைக் குறைப்பதற்கானது. அதை 24 மணி நேரம் கழித்து அவிழ்த்துவிடலாம். அதற்குள் விரல்கள் மரத்தாலோ நீலம் பூத்தாலோ கட்டு அதிக இறுக்கம் என்று பொருள். உடனே தளர்த்த வேண்டும். அடியில் இருக்கும் சிறிய பிளாஸ்டரை 3 முதல் 5 நாள் வரை ஈரம் படாமல் வைத்திருந்து பிறகு எடுத்துவிடலாம். குளிக்கும்போது கையை வெளியே நீட்டிக்கொண்டாலோ அந்த இடத்தைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக்கொண்டாலோ போதும்.

அந்த இடம் லேசாக வீங்கும், கன்றி நீலமாகவும் பிறகு மஞ்சளாகவும் மாறும், தொட்டால் வலிக்கும். ஓரிரு வாரத்தில் இவை தாமாகவே மறையும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். சமையல், அலுவலக வேலை, குழந்தையைத் தூக்குவது போன்ற அன்றாட வேலைகளுக்குத் தடையில்லை. தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை போன்ற பாரங்களை மட்டும் அந்தக் கையால் சில நாள் தூக்காமல் இருப்பது நல்லது. மஞ்சள், எண்ணெய், களிம்பு எதையும் காயத்தின் மேல் பூசக் கூடாது. குச்சியைத் தள்ளிப் பார்ப்பதும் பிசைந்து பார்ப்பதும் கூடாது.

பாதுகாப்பு எந்த நாளில் தொடங்கும்

இது குச்சியை வைத்த நாளைப் பொறுத்தது. மாதவிடாய் தொடங்கி முதல் 5 நாட்களுக்குள் வைத்தால் அன்றே பாதுகாப்பு தொடங்கிவிடும். அதற்குப் பிறகு, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வைத்தால், அடுத்த 7 நாட்களுக்கு ஆணுறை போன்ற வேறொரு முறையும் தேவை. பிரசவத்துக்குப் பின்னும் கருக்கலைப்புக்குப் பின்னும், மாத்திரை அல்லது ஊசியிலிருந்து மாறும்போதும் இந்தக் கணக்கு வேறுபடும். அவர்கள் தங்களுக்கு உரிய நாளைக் கேட்டு அட்டையிலேயே குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெண்ணுக்கு ஜூன் 2ஆம் தேதி மாதவிடாய் தொடங்குகிறது. ஜூன் 10 அன்று இம்பிளான்ட் வைத்துக்கொள்கிறார். அது மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 9ஆவது நாள். ஜூன் 6க்குள் வந்திருந்தால் கூடுதல் பாதுகாப்பு தேவைப்பட்டிருக்காது. இப்போதோ ஜூன் 10 முதல் 16 வரை ஆணுறை வேண்டும். 17ஆம் தேதியிலிருந்து இம்பிளான்ட் மட்டுமே போதும். துணிக்கட்டை ஜூன் 11 அன்று அவிழ்க்கிறார், பிளாஸ்டரை 14 அன்று எடுக்கிறார். மூன்றாவது ஆண்டு ஜூன் 10 என்பது அவர் அட்டையில் எடுக்க வேண்டிய தேதியாக இருக்கும்.

பால்வினை நோய்களையும் எச்.ஐ.வி.யையும் இம்பிளான்ட் தடுக்காது. அந்த அபாயம் இருக்கும் இடத்தில் ஆணுறை எப்போதும் தேவை.

மாதவிடாயில் வரும் மாற்றம்

காலத்துக்கு முன்பே இம்பிளான்டை எடுத்துவிடச் சொல்லிப் பெண்கள் வருவதற்குப் பெருங்காரணம் ரத்தப்போக்கு மாறுவதுதான். மாற்றம் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக வரும். சுமார் மூவரில் ஒருவருக்கு மாதவிடாய் எப்போதாவது மட்டும் எட்டிப் பார்க்கும். ஐந்தில் ஒருவருக்கு அது நின்றே போகும். ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு ஒரு தடவை தொடங்கினால் பல நாள் நீடிக்கும். இடையிடையே துளித்துளியாகப் படுவதும் உண்டு.

மாதவிடாய் நின்றால் கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அப்படி எதுவும் தங்குவதில்லை. ஹார்மோனின் விளைவால் கருப்பையின் உட்சவ்வு மெல்லியதாகவே இருக்கிறது. வளராத சவ்வு உதிர வேண்டியதும் இல்லை. குச்சியை எடுத்ததும் மாதவிடாய் பழைய நிலைக்குத் திரும்பும்.

முதல் 3 மாதத்தில் ரத்தப்போக்கு எப்படி இருக்கிறதோ, பெரும்பாலும் பின்னரும் அதே போக்கு தொடரும். தொடக்கத்தில் தொல்லையாக இருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பிற்பாடு குறையும். பட்ட நாட்களை நாட்காட்டியில் குறித்து வந்தால் மருத்துவரிடம் சொல்வதற்கு எளிது. 8 நாளுக்கு மேல் நீடித்தாலோ, வழக்கத்தைவிட இருமடங்கு போனாலோ சிகிச்சை உண்டு. சில நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரைகளால் பலருக்குப் போக்கு கட்டுப்படுகிறது. அந்த மாத்திரைகள் எல்லோருக்கும் ஏற்றவை அல்ல என்பதால் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

வேறு மருந்து தொடங்கும்போது

சில மருந்துகள் கல்லீரலைத் தூண்டி, இம்பிளான்டின் ஹார்மோனை விரைவாகச் சிதைத்துவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபினோபார்பிட்டல், எச்.ஐ.வி.க்குத் தரும் எஃபாவிரென்ஸ் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. குச்சி கையில் தட்டுப்பட்டாலும் பாதுகாப்பு குறைந்திருக்கும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. மருந்தை நிறுத்திய பின்னும் அதன் விளைவு சுமார் 4 வாரம் நீடிக்கும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் கையில் இம்பிளான்ட் இருப்பதைச் சொல்ல வேண்டும். இதற்காகக் காசநோய் மருந்தையோ வலிப்பு மருந்தையோ நிறுத்திவிடக் கூடாது. மாற்ற வேண்டியது கருத்தடை முறையைத்தான்.

எப்போது மீண்டும் செல்ல வேண்டும்

எல்லாம் இயல்பாக இருந்தால், எடுக்க வேண்டிய தேதிவரை போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது.

முதலாவது, காயத்தில் தொற்று. இயல்பான வீக்கமும் வலியும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். தொற்று என்றால் மூன்றாம் நான்காம் நாளில் அவை கூடும். அந்த இடம் சிவந்து சூடாகும், சீழ் வைக்கும், காய்ச்சலும் வரலாம். பெரும்பாலும் ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே குணமாகும், குச்சியை எடுக்க வேண்டிவராது. சீழ்க்கட்டி ஆகிவிட்டால் எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, குச்சியில் மாற்றம். முனை தோலுக்கு வெளியே தெரிந்தாலும், முன்பு தட்டுப்பட்டது இப்போது தட்டுப்படாவிட்டாலும், கையிலோ விரல்களிலோ மரமரப்பு இருந்தாலும் செல்ல வேண்டும். மாதம் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். குச்சியில் பேரியம் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியும். ஸ்கேனிலும் கண்டுபிடிக்கலாம். இருக்கும் இடம் தெரியும்வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, கர்ப்பச் சந்தேகம். மாதவிடாய் நின்றது மட்டும் கர்ப்பத்துக்கு அடையாளமல்ல. குமட்டல், மார்பு வலி போன்றவையும் சேர்ந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். இம்பிளான்ட் இருக்கும்போது அரிதாகக் கரு தங்கினால், அது கருக்குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு கூடுதல். அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் அது அவசரநிலை.

மணிக்கு இரண்டு பேடுக்கு மேல் நனையும் ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பார்வை மங்கலோடு கடும் தலைவலி ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண் மஞ்சளானாலும் மார்பில் புதிய கட்டி தட்டுப்பட்டாலும் சில நாட்களுக்குள் காட்டியாக வேண்டும்.

எடுக்கும் நாள்

அட்டையிலுள்ள தேதிக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவமனையில் நேரம் கேட்டு வைப்பது நல்லது. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னஞ்சிறு கீறல் வழியாகக் குச்சியை எடுப்பார்கள். தொடர விரும்பினால் அன்றே அதே இடத்தில் புதியதை வைக்கலாம். கால இடைவெளி விழாததால் வேறு பாதுகாப்பும் தேவையில்லை. தேதிக்கு முன்பே எடுக்க விரும்பினாலும் எந்த நாளிலும் எடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பயிற்சி பெற்றவரே எடுக்க வேண்டும். தட்டுப்படாத குச்சியைத் தேடிக் கீறிப் பார்ப்பது நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் ஆபத்து.

எடுத்த ஒரு வாரத்துக்குள் ஹார்மோன் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய முழுதும் நீங்கிவிடும். அடுத்த சில வாரங்களிலேயே சினைமுட்டை வெளிவரத் தொடங்கும். குழந்தை வேண்டுபவர் தனியாகக் காத்திருக்கத் தேவையில்லை. வேண்டாதவர் வேறு முறையை அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும்.