முதலில் அடங்க வேண்டியது யார்?

உணர்ச்சி அறிவு பற்றிய நூல்கள் பெற்றோருக்குக் கைகொடுக்கின்றன. ஆனால் படிக்கும் வரிசை முக்கியம்

மும்பை செம்பூரில் ஒரு காலைப் பொழுது. மணி 7.20. பள்ளி பஸ் வர ஐந்தே நிமிடம். ஆறு வயது மகள் ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் வெறும் சாக்ஸுமாக உட்கார்ந்திருக்கிறாள். "சொன்னா ஒரு நாளாவது கேக்கறியா? சோம்பேறி!" என்று அலறுகிறார் அம்மா. ஷூ சுவரில் மோதி விழுகிறது. குழந்தை அழுகிறது. வங்கியில் வேலை பார்க்கும் அந்த அம்மா மாலையில் குற்ற உணர்வுடன் புத்தகக் கடைக்குப் போகிறார்.

அங்கே அவர் கண்ணில் பட்டது அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மனின் நூல். உணர்ச்சி அறிவுள்ள குழந்தையை வளர்ப்பது பற்றி 1997இல் வெளிவந்தது. அதில் ஐந்து படிகள்: குழந்தையின் உணர்ச்சியைக் கவனிப்பது, அதை நெருங்குவதற்கான வாய்ப்பாகக் கருதுவது, அனுதாபத்துடன் கேட்பது, உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல உதவுவது, எல்லை வகுத்துத் தீர்வு தேடுவது. மறுநாள் காலையே முயன்றார். மூன்றாவது படியிலேயே மறுபடியும் கத்தல்.

தவறு நூலில் இல்லை. பெற்றோர் தாமே கொதித்துக்கொண்டிருக்கும்போதும், நேரம் நெருக்கும்போதும், பிறர் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் இம்முறை வேண்டாம் என்று காட்மனே எச்சரிக்கிறார். பஸ் வரும் நேரத்தில், மாமியாரும் வேலைக்காரம்மாவும் பார்த்திருக்க, மூன்று தடைகளும் ஒன்றாகக் கூடியிருந்தன.

அடிக்கடி நிதானமிழக்கும் பெற்றோர் முதலில் திறக்க வேண்டியது டேனியல் கோல்மன் 1995இல் எழுதிய 'இமோஷனல் இன்டெலிஜென்ஸ்'. அதுவும் முழுவதுமாக அல்ல, கோபத்தைப் பற்றிய பகுதியை மட்டும். உளவியலாளர் டால்ஃப் ஜில்மனின் ஆய்வை அவர் அங்கே விளக்குகிறார். ஒவ்வொரு எரிச்சலும் உடலில் ஒரு பதற்றத்தை விட்டுச் செல்கிறது. அது அடங்குமுன் வரும் அடுத்த எரிச்சல் அதன் மேல் ஏறி உட்காருகிறது. செம்பூர் அம்மாவுக்கு அன்று 6 மணிக்கு காஸ் தீர்ந்தது, 6.45க்கு அலுவலகத்திலிருந்து போன். ஷூ மூன்றாவது. வெடித்த கோபத்தில் மகளின் பங்கு கொஞ்சம்தான். கத்தித் தீர்த்தால் கோபம் குறையும் என்ற நம்பிக்கையையும் கோல்மன் மறுக்கிறார். கத்தல் கோபத்தை வளர்க்கவே செய்கிறது. விலகிப் போய் ஆற விடுவது பலன் தரும். ஆனால் பால்கனியில் நின்று "எத்தனை தடவை சொல்லிட்டேன்" என்றே அசைபோட்டால் ஆறாது. பேச்சில் 'எப்பவும்', 'ஒரு நாளாவது' என்ற சொற்கள் வருவதே ஏற்கெனவே சூடேறிவிட்டதற்கு அடையாளம்.

சரி, பஸ் காத்திருக்காதே? அதற்கு இரண்டாவது நூல்: ஹெய்ம் கினாட் 1965இல் எழுதிய 'பிட்வீன் பேரன்ட் அண்ட் சைல்ட்'. காட்மனின் முறைக்கு வித்திட்டவர் இவர். பெற்றோர் கோபப்படலாம், ஆனால் குழந்தையின் குணத்தைத் தாக்கக் கூடாது என்பது இவர் கட்சி. கண்ட நிலைமையைச் சொல், உன் உணர்ச்சியைச் சொல், வேண்டியதைச் சொல். "மணி 7.20. ஒரு ஷூ இன்னும் போடலை. எனக்குக் கோபமா இருக்கு. ஷூவைப் போட்டுக்கோ." குரல் உயரலாம். 'சோம்பேறி' மட்டும் இல்லை.

காட்மனின் நேரம் இரவு. விளக்கணைத்த பின் செம்பூர் அம்மா முதலில் மன்னிப்புக் கேட்டார்: "ஷூவை எறிஞ்சது என் தப்பு." இதற்கும் நூல் உண்டு. டேனியல் சீகலும் மேரி ஹார்ட்ஸெலும் 2003இல் எழுதிய நூலில், அறுந்த உறவை ஒட்டவைப்பது பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஒட்டவைக்க வேண்டியது பெரியவர், ஆறிய பிறகு. "நீ அழுததாலதான்" என்று தொடங்கினால் அது மன்னிப்பு அல்ல, இரண்டாவது குற்றப்பத்திரிகை.

பிறகு கேட்டார். மெல்ல வந்தது விஷயம்: பஸ்ஸில் ஒரு பெரிய பையன் சடையை இழுக்கிறான். "பயமா இருந்துதா?" தலையாட்டல். பயத்துக்குப் பெயர் கிடைத்தது. எல்லையும் சொல்லப்பட்டது: பயம் சரி, ஷூ போடாமல் இருப்பது சரியல்ல. தீர்வு: முன் இருக்கை, பஸ் ஆயாவிடம் ஒரு வார்த்தை. ஐந்தாவது படியை முதலில் வைத்து, கேட்குமுன்பே அறிவுரை தொடங்கியிருந்தால் மகள் வாயை மூடியிருப்பாள். குழந்தை மௌனமாவதுதான் படி தவறியதற்கு அடையாளம்.

புத்தகங்களுக்கும் எல்லை உண்டு. கோபம் கை நீட்டுவதாக மாறினால், அல்லது ஆறவே மறுத்து நாள் முழுக்க நீடித்தால், மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. அந்த வீட்டில் கத்தல் அடியோடு நின்றுவிடவில்லை. "இப்போ காஸ் தீர்ந்த அன்னிக்கு, ஷூவை அவ அப்பாதான் மாட்டி விடறார்" என்கிறார் அம்மா.