வாடிக்கையாளரின் ஆயுட்காலப் பெறுமதி: ஒரு குறிப்பு

பிரித்தானியாவில் 1995இல் ரெஸ்கோ பேரங்காடி அறிமுகஞ் செய்த கிளப்காட் திட்டம் வாங்குவோருக்குப் புள்ளிகளை வழங்கியது. பதிலாக அவர்தம் கொள்வனவுப் பதிவுகளைப் பெற்றது. இத்தகைய பதிவுகளிலிருந்தே வாடிக்கையாளரின் ‘ஆயுட்காலப் பெறுமதி’ கணிக்கப்படுகின்றது. (மனிதனின் ஆயுள் என்பது இங்கு அவன் வாங்கும் காலமே.)

ஒருவரால் ஆண்டுதோறுங் கிடைக்கும் இலாபம் 100 பவுண், அவர் அடுத்த ஆண்டும் நிலைத்திருப்பதற்கான நிகழ்தகவு 0.8, கழிவு வீதம் 0.1 எனக் கொள்வோம். அடுத்த ஆண்டு முதல் வரும் இலாபங்களின் இன்றைய பெறுமதி:

100 × 0.8 / (1 + 0.1 − 0.8) = 267 பவுண்

நிலைப்பு வீதம் 0.9 ஆயின் அது 450 ஆகின்றது. நிறுவனங்கள் அட்டைகளை நாடுவதன் காரணம் இதுவே.

ஆயின், அட்டை பெற்றோர் கூடுதலாக நிலைத்திருப்பதைக் கொண்டு அட்டையே அதற்குக் காரணமெனல் பொருந்தாது. ஏலவே அடிக்கடி வருவோரே அதனை விரும்பிப் பெறுவர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குச் சலுகை வழங்காது விட்டு, இரு சாராரையும் ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது. அவ்வாறு ஒப்பிடுமிடத்து வீதம் 0.82 மட்டுமே எனத் தெரியவரின், பெறுமதி 293 பவுணே. புள்ளிகளின் செலவும் அந்த 26 பவுண் வேறுபாட்டினின்றே ஈடுசெய்யப்படல் வேண்டும்.